“நான் எங்கே தப்பா வரைஞ்சேன் மிஸ்?”

எங்கள் பள்ளியில் முழுநேர ஓவிய ஆசிரியர் இல்லை. வாரத்தில் மூன்று அரை நாள்கள் பகுதிநேர ஓவிய ஆசிரியர் வருவார். பள்ளி அளவிலான கலைப்போட்டி நடந்த அன்று அவர் வரும் நாளாக இல்லை. “நீங்கதானே டீச்சர் அறிவியல் படமெல்லாம் போர்டுல அழகா வரைவீங்க, நீங்களே பார்த்துடுங்க” என்று சொல்லி, தலைமையாசிரியர் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பென்சில் ஓவியப் போட்டிக்கு என்னை நடுவராக்கிவிட்டார். தலைப்பு ‘தண்ணீர்’. நேரம் ஒன்றரை மணி. முப்பத்தோரு தாள்கள் வந்தன.

அறிவியல் ஆய்வகத்தின் நீள மேசையில் தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றையும் பார்த்து ஐம்பதுக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். எல்லாம் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், இடுப்பில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணை வரைந்திருந்தான். முகம் பளபளவென்று இருந்தது. சேலை மடிப்புகள் வரிசையாக விழுந்திருந்தன. பின்னால் கோபுரம், அதன் ஓரத்தில் சூரியன். அவனுக்கு 44 மதிப்பெண்ணும் முதல் பரிசும் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தெருக்குழாயடியில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்களை வரைந்திருந்தாள். தாளில் அழித்த கறை. குடங்கள் கொஞ்சம் கோணல். ஒரு குடம் மட்டும் காரணமில்லாமல் கறுப்பாக இருந்தது. வரிசையின் நடுவில் ஒரு கல் வேறு. அவளுக்கு 23 போட்டேன்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் அந்த மாணவி என்னிடம் வந்தாள். கோபமோ அழுகையோ இல்லை. தாளை நீட்டி, “நான் எங்கே தப்பா வரைஞ்சேன் மிஸ்?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அறிவியல் தேர்வுத்தாள் என்றால், எந்த வினாவில் எத்தனை மதிப்பெண் போயிற்று, ஏன் போயிற்று என்று சொல்லிவிடுவேன். இங்கே 27 மதிப்பெண் குறைத்திருக்கிறேன், எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. “நல்லாத்தான் இருக்கும்மா, இன்னும் நீட்டா வரையணும்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த வார ஓவிய வகுப்புக்கு அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

பகுதிநேர ஓவிய ஆசிரியரிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். அவர் எடுத்த எடுப்பில் மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை. “நீங்க எதை எதைப் பார்த்தீங்கன்னு சொல்லுங்க டீச்சர்” என்றார். நான் பார்த்தது ஒன்றே ஒன்று, படம் சுத்தமாக இருக்கிறதா என்பது. அன்று மாலை அவரோடு உட்கார்ந்து அந்த இரண்டு தாள்களையும் மூன்று முறை மறுமதிப்பீடு செய்தேன். அன்றிலிருந்து நான் ஓவியத்தை மதிப்பிடும் முறையே மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு எண், மூன்று கேள்விகள்

ஒரு பென்சில் ஓவியத்தைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கை எப்படி வேலை செய்திருக்கிறது? இது நுட்பம். தாளின் பரப்பில் எது எங்கே, எவ்வளவு பெரிதாக வைக்கப்பட்டிருக்கிறது? இது அமைப்பு. இந்தப் படத்தில் வரைந்தவர் தாமே பார்த்தது, தாமே முடிவெடுத்தது எவ்வளவு? இது தனித்தன்மை. இவற்றை நாங்கள் 20, 15, 15 என்று பிரித்துக்கொண்டோம்.

பிரித்து எழுதினால் மட்டும் போதாது என்பதை அன்றே கண்டேன். பி.எட். உளவியல் பாடத்தில் தார்ண்டைக்கைப் படித்திருப்போம். 1920இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை இங்கே பொருந்துகிறது. இராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பீடு கொடுத்தபோது, அந்த மதிப்பீடுகள் எல்லாம் ஒன்றை ஒன்று ஒட்டியே இருந்தன. ஒருவரைப் பற்றிய மொத்த எண்ணம் ஒவ்வொரு பண்பின் மீதும் படிந்துவிட்டது. இதை ஒளிவட்ட விளைவு என்கிறோம். பளபளப்பான ஒரு முகத்தைப் பார்த்ததும் என் கை நுட்பத்துக்கு 18 போட்டது. அதே வேகத்தில் அமைப்புக்கு 13, தனித்தன்மைக்கு 13 என்று போகத்தான் பார்த்தது.

இதற்கு ஓவிய ஆசிரியர் எளிய வழி ஒன்று சொன்னார். ஒரு தாளை எடுத்து மூன்று மதிப்பெண்ணையும் போட்டு முடிக்கக் கூடாது. முதலில் எல்லாத் தாள்களுக்கும் தனித்தன்மை மட்டும். பிறகு எல்லாத் தாள்களுக்கும் அமைப்பு மட்டும். நுட்பம் கடைசி. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தாளில் மதிப்பெண் எழுத வேண்டும். முந்தைய சுற்றில் போட்டது கண்ணில் படக் கூடாது. பெயரும் வகுப்பும் தாளின் பின்புறம் இருக்க வேண்டும். நுட்பத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், கண்ணை முதலில் இழுப்பது அதுதான். இழுக்கப்பட்ட பிறகு மற்ற இரண்டையும் நேர்மையாகப் பார்ப்பது கடினம்.

தனித்தன்மை: தாளில் மட்டும் தேடினால் கிடைக்காது

எட்டாம் வகுப்பு மாணவனின் தாளை ஓவிய ஆசிரியர் என் பக்கம் திருப்பி, “இதுல சூரியன் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார். வலது பக்கம் இருந்தது. “நிழல்?” அதுவும் வலது பக்கமே. குடத்திலும் முகத்திலும் வலப்புறம்தான் இருட்டாக இருந்தது. வெளிச்சம் வரும் பக்கமே இருட்டாக இருக்க முடியாது. அந்தப் பெண் ஒரு படத்திலிருந்தும், கோபுரமும் சூரியனும் வேறொரு படத்திலிருந்தும் வந்திருக்கின்றன. அடுத்து அவர் காலைக் காட்டினார். கணுக்காலுக்குக் கீழே படம் மங்கி முடிந்திருந்தது. தாளில் இன்னும் நான்கு விரல்கடை இடம் இருந்தும் பாதம் இல்லை. “இவன் பார்த்த படம் அங்கேதான் முடிஞ்சிருக்கு” என்றார். மூன்றாவதாக, தாளில் திருத்திய கோடு ஒன்றுகூட இல்லை. நேரில் பார்த்தோ நினைவிலிருந்தோ முதல்முறை வரைபவர் ஓரிடத்திலாவது கோட்டை மாற்றிப் போட்டிருப்பார். திருத்தமே இல்லாத கோடு, பலமுறை போட்டுப் பழகிய கோடாகவே பெரும்பாலும் இருக்கும்.

இவை அடையாளங்கள்தான், தீர்ப்பு ஆகிவிடாது. நன்றாகப் பயின்ற பிள்ளைக்கும் திருத்தமில்லாத கோடு வரலாம். அதனால் பிள்ளையிடம் ஒரு நிமிடம் பேச வேண்டும். அந்த மாணவனை அழைத்து, “இந்தப் படத்தை எங்கேப்பா பார்த்தே?” என்று சாதாரணமாகக் கேட்டேன். அவன் எதையும் மறைக்கவில்லை. “போன்ல வந்தது மிஸ். வீட்டுல இருபது தடவைக்கு மேல வரைஞ்சு பார்த்துட்டேன். எந்தத் தலைப்பு வந்தாலும் இதைத்தான் வரைவேன்” என்று பெருமையோடு சொன்னான். பார்த்து வரைவது கூடாது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. போட்டி விதியிலும் அப்படி எதுவும் எழுதவில்லை. தவறு எங்களுடையது.

அந்த மாணவி இரண்டு வாரமாக வகுப்புக்கு வராததால் நானே அவளைத் தேடிப் போய், கையில் தாளோடு பேசினேன். “நடுவுல ஏம்மா கல்லு போட்டிருக்கே?” என்று கேட்டேன். “அது பக்கத்து வீட்டு ஆயாவோடது மிஸ். அவங்க வேலைக்குப் போயிட்டு லேட்டாத்தான் வருவாங்க. அதனால கல்லு வச்சு இடம் பிடிச்சுட்டுப் போவாங்க. கல்லை யாரும் நகர்த்த மாட்டாங்க.” கறுப்பாக இருந்த குடத்தைக் காட்டிக் கேட்டேன். “அது எங்க குடம் மிஸ். நீலக் கலரு. மத்ததெல்லாம் மஞ்சளும் பச்சையும்.”

நான் பிழை என்று எண்ணி மதிப்பெண் குறைத்த இரண்டு இடங்களும் அவள் கண்ணால் பார்த்து வைத்த இடங்கள்.

அதன் பிறகு தனித்தன்மைக்கு மூன்று படிகள் வகுத்துக்கொண்டோம். பழகிய படத்தை அப்படியே போட்டிருந்தால் நான்கு வரை. இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை, தென்னை, ஆறு என்று எல்லாப் பள்ளியிலும் வரும் அந்தப் படமும் இந்தப் படியில்தான் சேரும். எதையும் பார்த்து வரையாவிட்டாலும் அது மனப்பாடப் படம். பழகிய படத்தில் பிள்ளை தன் ஊரிலோ வீட்டிலோ பார்த்த ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்திருந்தால் ஐந்து முதல் ஒன்பது. எதை வரைவது, எங்கிருந்து பார்ப்பது, எதை விடுவது என்பதைத் தானே தீர்மானித்து, கேட்டால் காரணமும் சொல்ல முடிந்தால் பத்துக்கு மேல்.

இதில் இரண்டு இடங்களில் நாம் ஏமாறக்கூடும். வினோதமாக இருப்பதைத் தனித்தன்மை என்று எண்ணிவிடுவது ஒன்று. சிறகு முளைத்த குடம் வரைந்த பிள்ளை, குழாயடியைப் பார்த்து வரைந்த பிள்ளையைவிடத் தனித்தன்மை உடையவர் என்று சொல்ல முடியாது. சிறகும் எங்கோ பார்த்ததாக இருக்கலாம். கருத்துக்கு மதிப்பெண் போட்டுவிடுவது மற்றொன்று. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று மேலே எழுதியிருந்தால் நம் கை தானாக இரண்டு மதிப்பெண் கூட்டிவிடும். வாசகம் நல்லதுதான், அதற்குரிய இடம் கட்டுரைப் போட்டி.

அமைப்பு: ஆறடி தள்ளி நின்று பார்க்க வேண்டும்

அமைப்பைக் கையில் தாளோடு பார்க்கக் கூடாது. தாள்களைச் சுவரோரம் சாய்த்து வைத்து, ஆறடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொன்னார் ஓவிய ஆசிரியர். அப்படிப் பார்த்தால் முகம், சேலை, குடம் என்ற விவரமெல்லாம் கரைந்துபோய், இருட்டுத் திட்டுகளும் வெளிச்சத் திட்டுகளும் மட்டுமே தெரியும். அந்தத் திட்டுகள் தாளை எப்படிப் பங்கிட்டிருக்கின்றன என்பதே அமைப்பு.

மாணவியின் தாளில் அப்படிப் பார்த்தபோது இடக்கீழ் மூலையில் தொடங்கி வலமேல் மூலையை நோக்கிக் குடங்களின் வரிசை சிறுத்துக்கொண்டே போவது தெரிந்தது. நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கல். கண் வரிசையைப் பின்பற்றிப் போய் அங்கே ஒரு கணம் நின்றுவிட்டு மேலே குழாய்க்குச் செல்கிறது. அவள் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டாள் என்றேன். “திட்டமிட்டாளா இல்லையான்னு நாம மார்க் போடல டீச்சர். தாள்ல இருக்கா இல்லையான்னுதான் போடுறோம்” என்றார் அவர்.

குறையும் இருந்தது. முதல் குடத்தின் வயிற்று விளிம்பு தாளின் இட ஓரத்தைச் சரியாகத் தொட்டு நின்றது. ஒரு பொருள் ஓரத்தைத் தாண்டி வெட்டுப்படலாம், ஓரத்திலிருந்து தள்ளியும் நிற்கலாம். தொட்டும் தொடாமலும் நின்றால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு குடங்களின் விளிம்புக் கோடுகள் ஒன்றை ஒன்று தொட்டு நிற்கும்போதும் இதுவே நடக்கும், எது முன்னே எது பின்னே என்று தெரியாது. குழாயின் மேற்பகுதிக்கு இடம் போதாமல் அதைக் குள்ளமாக்கியிருந்தாள். வரையத் தொடங்கும் முன் தாளின் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் படம் போட்டுப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அமைப்புக்கு 11 போட்டோம்.

மாணவனின் தாளில் ஒரு சிக்கல் எழுந்தது. பெண் தாளின் நடுவிலிருந்து சற்று இடப்புறம் நிற்கிறாள், கோபுரம் வலப்புறத்தைச் சமன் செய்கிறது. பார்வைக்கு நல்ல அமைப்பு. அந்த உருவத்தின் நிலையைத் தீர்மானித்தவர் மூலப்படத்தை வரைந்தவர். மாணவன் தீர்மானித்தது இரண்டு படங்களையும் இந்தத் தாளில் எங்கே, எந்த அளவில் வைப்பது என்பதை மட்டுமே. அந்த அளவுக்கு 7 கொடுத்தோம். பார்த்து வரைந்த படத்துக்குத் தனித்தன்மையில் மட்டும் மதிப்பெண் குறையும் என்று நான் எண்ணியிருந்தேன். அமைப்பிலும் பெரும்பகுதி கடன் வாங்கியதே என்பது அன்றுதான் புரிந்தது.

நுட்பம்: சுத்தம் வேறு, நுட்பம் வேறு

நுட்பத்துக்கு நாங்கள் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு ஒப்பிட்டோம். மாணவியின் தாளுக்கு நான் 8 போட்டிருந்தேன், அவர் 13. ஐந்து மதிப்பெண் வேறுபாடு. ஏன் என்று பேசினோம். நான் அழித்த கறைக்கும் கோணலுக்கும் குறைத்திருந்தேன். அவர் பார்த்தது வேறு.

முதலில் நீள்வட்டம். குடத்தின் வாய் வட்டம்தான். நாம் நின்றுகொண்டு கீழே பார்க்கும்போது அது நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பகுதியும் ஒரு வட்டமே. அது கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் அதன் நீள்வட்டம் வாயைவிடச் சற்று அகன்று தெரியும். அதனால் குடத்தின் அடிக்கோடு வளைந்திருக்க வேண்டும், வாயின் முன்வளைவைவிட ஒரு பங்கு கூடுதலாகவே வளைய வேண்டும். சிறு பிள்ளைகள் வாயை முழு வட்டமாகவும் அடியை நேர்கோடாகவும் போடுவார்கள். வாய் வட்டம் என்பதும், அடி தரையில் தட்டையாக உட்காரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்கள். பிரெஞ்சு அறிஞர் லுக்கே குழந்தைகளின் ஓவியம் பற்றி 1927இல் எழுதிய நூலில், அறிந்ததை வரையும் நிலை, காண்பதை வரையும் நிலை என்று இரண்டைப் பிரித்துக் காட்டினார். நாம் படித்த பியாஜே பின்னாளில் இதை எடுத்தாண்டார். இரண்டாம் நிலை ஏறத்தாழ எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகு வருகிறது. ஒரே நாளில் வந்துவிடாது.

இந்த மாணவியின் தாளில் எல்லாக் குடங்களின் வாயும் நீள்வட்டமாக இருந்தது. முன்னே இருந்த இரண்டு குடங்களின் அடி வளைந்திருந்தது. தூரத்துக் குடங்களின் அடி நேர்கோடாகவே இருந்தது. “பாருங்க, கிட்டத்துல இருக்கிறதைக் கண்ணால பார்த்திருக்கா. தூரத்துல இருக்கிறதை மனசால போட்டிருக்கா. பாதி தூரம் வந்துட்டா டீச்சர்” என்றார் அவர். குடங்களின் கோணல் என்று நான் சொன்னதும் பாதிதான் சரி. தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தோம். அப்படித் திருப்பினால் பழகிய கண் ஏமாறாது, இடம் வலம் சமமாக இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். மூன்று குடங்கள் உண்மையிலேயே ஒருபக்கம் சாய்ந்திருந்தன. நீலக் குடத்தில் தெரிந்த கோணல், வயிற்றில் விழுந்த ஒரு சொட்டை. அதற்குள்ளும் நிழல் போட்டிருந்தாள்.

அடுத்தது ஒளியும் நிழலும். பென்சிலில் நிறம் கிடையாது, இருட்டின் அளவு மட்டுமே உண்டு. அடர்நீலக் குடத்தின் வெளிச்சப் பக்கம், மஞ்சள் குடத்தின் நிழல் பக்கத்தைவிடவும் இருட்டாக இருக்கலாம். நிறத்தை இருட்டாக மாற்றிப் பார்ப்பது ஏழாம் வகுப்புக்குப் பெரிய விஷயம். அவள் அதைச் செய்திருந்தாள். எங்கள் பிள்ளைகளின் கையில் இருப்பது பெரும்பாலும் எச்.பி. பென்சில் ஒன்றுதான். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. களிமண் குறையக் குறைய முனை மென்மையாகி, கோடு கறுப்பாகும். 4பி, 6பி பென்சிலில் எளிதாக வரும் இருட்டு எச்.பி.யில் எவ்வளவு அழுத்தினாலும் வராது, பளபளப்புதான் வரும். அந்தக் குடத்தில் அவள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை மூன்று நான்கு அடுக்காகப் போட்டு இருட்டைக் கூட்டியிருந்தாள். எனக்கு அது கிறுக்கலாகத் தெரிந்தது.

மாணவனின் தாளில் முகம் பளபளத்ததற்குக் காரணம், விரலால் தேய்த்தது. தேய்த்தால் கோடு மறைந்து வழவழப்பு வரும். அதோடு வெளிச்சப் பகுதியின் வெண்மையும் இருட்டின் ஆழமும் போய், எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். அவன் தாளில் குடத்தின் நடுவும் ஓரமும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டு. அதனால் குடம் உருண்டையாகத் தெரியவில்லை, தட்டு போலத் தெரிந்தது. தரையில் விழ வேண்டிய நிழலும் இல்லை, உருவம் மிதந்தது. அவனிடம் இருந்த உண்மையான பலம் கோடு. சேலை மடிப்பில் அழுத்தமாகத் தொடங்கி மெல்லியதாக முடியும் கோடுகள் இருந்தன. இருபது தடவை வரைந்த உழைப்பு அங்கே தெரிந்தது. தட்டையான படத்தைப் பார்த்து வரைவது, நேரில் உள்ள பொருளைத் தட்டையாக்கி வரைவதைவிட எளிது என்பதையும் கணக்கில் எடுத்து 15 போட்டோம்.

மாணவியின் தாளுக்கு என் 8 தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவரும், சாய்ந்த மூன்று குடங்களையும் நிழல் விட்டுப்போன ஒரு குடத்தையும் கணக்கில் எடுத்து ஒன்று குறைத்துக்கொண்டார். 12 என்று முடிவு செய்தோம்.

இரண்டு தாள்களும் இப்போது

மாணவனுக்கு நுட்பம் 15, அமைப்பு 7, தனித்தன்மை 3, மொத்தம் 25. மாணவிக்கு நுட்பம் 12, அமைப்பு 11, தனித்தன்மை 13, மொத்தம் 36. நான் முன்பு போட்டவை 44, 23.

பரிசை மாற்றவில்லை. அறிவித்த பிறகு, சொல்லாத ஒரு விதியைக் காட்டி அந்த மாணவனிடமிருந்து பரிசைப் பிடுங்குவது இன்னொரு தவறாகியிருக்கும். தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அடுத்த ஆண்டிலிருந்து மூன்று பிரிவுகளும் அவற்றின் மதிப்பெண்ணும் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்கும் என்று முடிவானது. ‘பழகிய படத்தைப் போடலாம், அதற்குத் தனித்தன்மையில் நான்குக்கு மேல் கிடைக்காது’ என்ற வரியும் அதில் உண்டு. தலைப்பு போட்டி அறையில்தான் தெரியும். இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போடுகிறோம். எந்தப் பிரிவிலாவது வேறுபாடு மூன்றுக்கு மேல் போனால் சராசரி எடுப்பதில்லை. தாளை நடுவில் வைத்துப் பேசுகிறோம். சராசரி எடுத்தால் என் 8ம் அவருடைய 13ம் சேர்ந்து பத்தரை ஆகியிருக்கும், நான் எதைப் பார்க்கத் தவறினேன் என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இந்தப் பங்கீடு எல்லா வேலைக்கும் பொருந்தாது. வகுப்பில் மேசைமேல் ஒரு குடத்தை வைத்து எல்லோரும் வரையும்போது பொருளைத் தேர்ந்தெடுத்தவர் ஆசிரியர். அப்போது நுட்பம் 30, அமைப்பு 10, தனித்தன்மை 10 என்று மாற்றிக்கொள்கிறோம். எங்கே உட்கார்ந்து எந்தக் கோணத்தில் பார்ப்பது என்ற முடிவு மட்டுமே அந்தப் பத்துக்கு உரியது. ஒரு படத்தைப் பார்த்து அப்படியே வரையும் பயிற்சியென்றால் தனித்தன்மைக்கு மதிப்பெண்ணே கிடையாது. பார்த்து வரைவது கற்கும் வழிகளில் ஒன்று. பயிற்சியைப் பயிற்சியென்றே மதிப்பிட்டால் போதும்.

பிள்ளைக்குக் கொடுப்பதிலும் ஒரு மாற்றம் செய்தேன். எண்ணோடு சேர்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி எழுதுகிறேன். அந்த மாணவியின் தாளின் பின்புறம் எழுதியது இது:

நுட்பம்: முன்னே உள்ள இரண்டு குடங்களின் அடி சரியாக வளைந்திருக்கிறது, தூரத்துக் குடங்களின் அடியும் அப்படியே வளைய வேண்டும்; மூன்று குடங்கள் சாய்கின்றன, நடுவில் மெல்லிய நேர்கோடு ஒன்று போட்டுக்கொண்டு இருபுறமும் வரைந்து பார்.

அமைப்பு: கல் இருக்கும் இடைவெளி மிக நன்று. முதல் குடம் தாளின் ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்.

தனித்தன்மை: இதை வேறு யாரும் வரைந்திருக்க முடியாது.

தாளைக் கையில் கொடுத்து, “அன்னிக்கு நீ கேட்டதுக்கு இப்பதாம்மா எனக்குப் பதில் தெரிஞ்சது. நான் மார்க் போட்டது தப்பு” என்றேன். அவள் அங்கேயே நின்று மூன்று வரிகளையும் படித்தாள். பிறகு, “தூரத்துக் குடத்துக்குக்கூட அடி வளையுமா மிஸ்?” என்று கேட்டாள். என் மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அவள் வாசலிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

அந்த வாரம் ஓவிய வகுப்புக்கு வந்தாள். அந்த மாணவனும் வந்தான், கோபுரமில்லாத ஒரு படத்தோடு. அவன் அம்மா இட்லிக் குண்டானைத் திறக்கும் படம். பாதம் உட்பட வரைந்திருந்தான். விரல்களை மட்டும் ஐந்தாறு முறை அழித்துப் போட்டிருந்தான்.